இரண்டு முனையில் ஒரே விடை வந்தால் "எண்ணற்ற தீர்வுகள்" என்று ஏன் எழுத வேண்டும்?

கோடுபோடுபவன் | 4 பிப்ரவரி, காலை 9.10

நேரியல் திட்டமிடல், அதாவது எல்.பி., பாடத்தில் வந்த கணக்கு இதுதான். z = 2x + 4y என்ற குறிக்கோள் உச்சமாக வேண்டும். x + 2y ≤ 10, x + y ≤ 6. இரண்டு மாறிகளும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. படம் வரைந்தால் நான்கு முனைகள்: (0,0), (6,0), (2,4), (0,5). z முறையே 0, 12, 20, 20.

(0,5), (2,4) இரண்டிலும் 20. ஆக விடை இரண்டு என்று எழுதினேன். விடைக்குறிப்பில் "எண்ணற்ற உகந்த தீர்வுகள்" என்று இருக்கிறது. நாம் மதிப்புப் போட்டுப் பார்த்ததே நான்கு புள்ளியில்தான். நடுவில் என்ன ஆகிறது என்று பார்க்கவே இல்லையே? இரண்டு குன்றுகள் ஒரே உயரம் என்றால் நடுவில் பள்ளம் இருக்கக் கூடாதா?

முனைவழி | 4 பிப்ரவரி, காலை 10.02

பார்த்துவிடுவோம். (0,5)-இலிருந்து (2,4)-க்கு நேராக நடந்தால் வலப்பக்கம் 2 போகிறோம், 1 இறங்குகிறோம். அந்த வழியில் t பங்கு தூரம் போன இடம் (2t, 5 − t). t = 0 என்றால் தொடக்கம், t = 1 என்றால் மறுமுனை.

அதைக் குறிக்கோளில் போடுங்கள்: 2(2t) + 4(5 − t) = 4t + 20 − 4t = 20. t அடித்துக்கொண்டு போய்விட்டது. நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் 20தான்.

அந்த இடங்கள் ஏற்புடையவையா என்பது அடுத்த கேள்வி. x + 2y = 2t + 10 − 2t = 10, எப்போதும் விளிம்பிலேயே. x + y = 5 + t, அது t = 1 வரை 6-ஐத் தாண்டாது. x, y இரண்டும் குறையெண் ஆகவில்லை. எனவே 0 முதல் 1 வரை t-க்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் அது உகந்த தீர்வு. (1, 4.5) ஒன்று, (0.2, 4.9) ஒன்று. t-க்கு எண்ணற்ற மதிப்புகள் உண்டு, முனைகள் வெவ்வேறு என்பதால் வேறு t வேறு புள்ளியைத் தரும். விடைக்குறிப்பு சொல்வது இதைத்தான்.

பள்ளம் ஏன் வராது என்றால், குறிக்கோள் நேரியல். நேர்க்கோட்டில் நடக்கும்போது அது சீரான வேகத்தில் ஏறும், அல்லது சீரான வேகத்தில் இறங்கும், அல்லது அசையாமல் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே உயரம் என்றால் முதல் இரண்டுக்கும் இடமில்லை. பள்ளம் விழ வேண்டுமென்றால் வழியில் எங்காவது வேகம் மாற வேண்டும். 2x + 4y-இல் வேகத்தை மாற்ற எதுவும் கிடையாது.

சாய்வுவிகிதம் | 4 பிப்ரவரி, காலை 11.40

இவ்வளவு சுற்ற வேண்டாம். குறிக்கோளின் கெழுக்கள் 2, 4. முதல் கட்டுப்பாட்டின் கெழுக்கள் 1, 2. விகிதம் ஒன்றே, அதாவது இரண்டு கோடுகளும் இணை. குறிக்கோள் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டுக்கு இணையாக இருந்தால் எண்ணற்ற தீர்வு, இல்லையென்றால் ஒரே தீர்வு. தேர்வில் விகிதத்தைப் பார்த்த உடனே எழுதிவிடலாம்.

கனசதுரம் | 4 பிப்ரவரி, மதியம் 1.15

@சாய்வுவிகிதம், இந்த விதி இரண்டு பக்கமும் உடைகிறது.

முதல் பக்கம். மேலே உள்ள கணக்கில் 6-ஐ மட்டும் 5 ஆக்குங்கள்: x + y ≤ 5. இப்போது முனைகள் (0,0), (5,0), (0,5) மூன்றே. x + 2y = 10 என்ற கோடு பகுதியை (0,5) என்ற ஒரே புள்ளியில் தொட்டுவிட்டுப் போகிறது. குறிக்கோள் அதற்கு இணைதான், விகிதம் மாறவே இல்லை. ஆனால் உகந்த தீர்வு (0,5) ஒன்று மட்டுமே, (5,0)-இல் z வெறும் 10. இணையாக இருந்தால் போதாது. அந்தக் கோட்டில் ஒரு நீளமான துண்டு பகுதியின் ஓரமாக அமைந்திருக்க வேண்டும்.

மறுபக்கம். மூன்று மாறிகள் x, y, w, ஒவ்வொன்றும் 0-க்கும் 1-க்கும் இடையில். x + y உச்சமாக வேண்டும். எந்தக் கட்டுப்பாட்டின் கெழுக்களும் (1,1,0)-க்கு விகிதத்தில் இல்லை. உங்கள் விதிப்படி ஒரே தீர்வு வர வேண்டும். ஆனால் x = 1, y = 1 வைத்துவிட்டால் w என்னவாக இருந்தாலும் மதிப்பு 2. (1,1,0), (1,1,1) என்ற இரண்டு முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்பும் உகந்தவை. இங்கே குறிக்கோள் சமமாக இருப்பது அந்த விளிம்பின் திசையில், எந்தத் தளத்தோடும் அல்ல. இரண்டு மாறி இருக்கும்போது கட்டுப்பாட்டுக் கோடும் விளிம்பும் ஒன்றாகவே இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

சாய்வுவிகிதம் | 4 பிப்ரவரி, மதியம் 1.50

முதல் எதிர்காட்டை ஏற்றுக்கொள்கிறேன், தொட்டுவிட்டுப் போகும் கட்டுப்பாட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு மாறிக் கணக்குக்காவது விதியைத் திருத்திச் சொல்கிறேன்: குறிக்கோளுக்கு இணையான கோடு இருக்க வேண்டும், அந்தக் கோட்டில் பகுதியின் இரண்டு வெவ்வேறு முனைகள் இருக்க வேண்டும், குறிக்கோள் வளரும் திசையில் அதற்கப்பால் பகுதி இருக்கக் கூடாது. இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

முனைவழி | 4 பிப்ரவரி, மாலை 4.05

இரண்டு மாறிக்கு, இரண்டு உகந்த முனைகள் உள்ள நிலைக்கு, பிழை இல்லை.

கோடுபோடுபவன் | 5 பிப்ரவரி, காலை 8.20

t அடித்துக்கொண்டு போவது புரிந்தது. ஆனால் புதிதாக ஒன்று உறுத்துகிறது. z = 20 என்பது எல்லா t-க்கும் வருகிறது. t = 1.5 போட்டாலும் 20, t = −0.5 போட்டாலும் 20. அப்படியென்றால் விளிம்போடு ஏன் நிற்க வேண்டும்? இன்னொன்று, நிரூபணத்தில் "முனை" என்ற சொல்லே பயன்படவில்லை. எந்த இரண்டு உகந்த புள்ளிகளை எடுத்தாலும் இதே வரிகளை எழுதலாமே?

முனைவழி | 5 பிப்ரவரி, காலை 9.35

எழுதலாம். p, q எந்த இரண்டு உகந்த புள்ளிகளாக இருந்தாலும் சரி. கட்டுப்பாடுகள் Ap ≤ b, Aq ≤ b. முதலாவதை 1 − t ஆலும் இரண்டாவதை t ஆலும் பெருக்கிக் கூட்டினால் கலவைப் புள்ளிக்கும் அதே b வருகிறது. 1 − t, t இரண்டும் குறையெண் அல்ல என்பதால்தான் ≤ குறி திரும்பாமல் நிற்கிறது. நிரூபணத்தில் 0 ≤ t ≤ 1 தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். குறிக்கோளுக்கு அந்த வரம்பு தேவையே இல்லை.

t = 1.5 என்றால் (3, 3.5). z = 6 + 14 = 20. ஆனால் x + y = 6.5, இரண்டாவது கட்டுப்பாடு உடைகிறது. t = −0.5 என்றால் (−1, 5.5), x குறையெண். மதிப்பு 20 ஆகவே இருக்கிறது, புள்ளி வெளியே போய்விடுகிறது.

முனை என்ற சொல்லுக்கு இங்கேதான் வேலை. p-யும் q-வும் உகந்த விளிம்பின் நடுவில் எங்கோ உள்ள இரண்டு புள்ளிகளாக இருந்தால், t 1-ஐத் தாண்டியும் கொஞ்ச தூரம் ஏற்புடைய புள்ளிகள் கிடைக்கும். முனை என்பது எந்தத் துண்டுக்கும் நடுவில் வராத புள்ளி. q முனை என்றால், p-யிலிருந்து q-வைத் தாண்டி நேராக ஒரு அடி எடுத்து வைத்தாலும் பகுதிக்கு வெளியே போய்விடுவோம். அதனால் இரண்டும் முனைகளாக இருக்கும்போது அவற்றின் ஊடான கோட்டில் உள்ள உகந்த புள்ளிகள் அந்தத் துண்டு மட்டுமே, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

பணிப்பங்கீடு | 5 பிப்ரவரி, காலை 11.00

இந்தத் தேற்றம் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு ஆட்கள், இரண்டு வேலைகள். முதல் ஆளுக்கு வேலை ஒன்றுக்குச் செலவு 7, வேலை இரண்டுக்கு 4. இரண்டாவது ஆளுக்கு 9, 6. நேராகக் கொடுத்தால் 7 + 6 = 13. மாற்றிக் கொடுத்தால் 4 + 9 = 13. இரண்டு உகந்த விடைகள். மூன்றாவது ஒரு வழியே கிடையாது! எண்ணற்ற வழி எங்கிருந்து வரும்?

கனசதுரம் | 5 பிப்ரவரி, மதியம் 12.10

மாறிகளை முழு எண்ணாக மட்டும் அனுமதித்தால் நீங்கள் சொல்வது சரி, மொத்தம் இரண்டே விடைகள். ஆனால் அப்போது அது எல்.பி. இல்லை. முனைவழி செய்த கலவையில் t = 0.3 என்று போட வேண்டும், முழு எண் நிபந்தனை அதைத் தடுத்துவிடுகிறது. கோடுபோடுபவனின் கணக்கிலும் x, y முழு எண் என்று சொல்லிவிட்டால் (0,5), (2,4) இரண்டு மட்டுமே மிஞ்சும். நடுவில் x = 1 வைத்தால் y = 4.5.

உங்கள் கணக்கை எல்.பி. ஆக எழுதினால், ஒவ்வொரு ஆளின் பங்குகளும் கூட்டி 1, ஒவ்வொரு வேலையின் பங்குகளும் கூட்டி 1, பங்குகள் குறையெண் அல்ல. நேர்ப்பங்கீட்டில் 1 − t பங்கும் மாற்றுப்பங்கீட்டில் t பங்கும் வைத்தால் செலவு 13(1 − t) + 13t = 13. எல்.பி.யைப் பொறுத்தவரை இவை அத்தனையும் தீர்வுகள்தாம். எல்.பி.யைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை முனைகளில் மட்டுமே நிற்கும், பங்கீட்டுக் கணக்கின் முனைகளில் 0, 1 மட்டுமே வரும், அதனால் உங்கள் நிரல் 0.3 என்று ஒருபோதும் காட்டியிருக்காது.

பணிப்பங்கீடு | 5 பிப்ரவரி, மதியம் 12.45

அரை ஆளை வேலைக்கு அனுப்ப முடியாது என்பதுதான் என் வாதம்.

முனைவழி | 5 பிப்ரவரி, மதியம் 1.30

ஆளைப் பிரிக்க முடியாது, ஆனால் அவருடைய நேரத்தைப் பிரிக்கலாம். மாறியை "முதல் ஆள் தன் நேரத்தில் எவ்வளவு பங்கை வேலை ஒன்றுக்குக் கொடுக்கிறார்" என்று படித்தால் t = 0.5 என்பது ஆளுக்குப் பாதி நேரம் ஒவ்வொரு வேலையிலும். செலவு நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கூடும் என்றால் அப்போதும் 13. வேலை மாற்றும்போது கூடுதல் செலவு உண்டென்றால் அந்த மாதிரியே செல்லாது. எது பொருந்தும் என்பது மாறிக்கு நீங்கள் கொடுக்கும் பொருளைப் பொறுத்தது, தேற்றத்தைப் பொறுத்தது அல்ல.

கனசதுரம் | 5 பிப்ரவரி, மாலை 5.20

பங்கீட்டுக் கணக்கு வந்ததும் நல்லதாயிற்று. இந்த இழையில் எல்லோரும் (நானும்) "இணைக்கும் விளிம்பு" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அது எப்போதும் விளிம்பு அல்ல.

பணிப்பங்கீட்டின் இரண்டு ஆட்களோடு இன்னும் இருவரைச் சேருங்கள். மூன்றாம் ஆளுக்கு வேலை மூன்றும் நான்கும் 5, 8. நான்காம் ஆளுக்கு 2, 5. நேராக 10, மாற்றினால் 10. முதல் இருவர் 3, 4-ஐச் செய்யவும், அடுத்த இருவர் 1, 2-ஐச் செய்யவும் செலவு 50 என்று வைத்து அந்தப் பக்கம் போகாமல் தடுத்துவிடுவோம். மொத்தச் செலவு 23.

இப்போது முதல் ஜோடியை t அளவு மாற்றலாம், இரண்டாவது ஜோடியை அதைச் சாராமல் s அளவு மாற்றலாம். உகந்த தீர்வுகள் மொத்தமும் ஒரு சதுரம்: 0 ≤ t ≤ 1, 0 ≤ s ≤ 1. முனைகள் நான்கு. ஒரு நிரல் "யாரையும் மாற்றாதே" என்று (0,0)-ஐயும் இன்னொரு நிரல் "இரு ஜோடியையும் மாற்று" என்று (1,1)-ஐயும் கொடுத்தால், இரண்டையும் இணைப்பது மூலைவிட்டம். அதில் உள்ள புள்ளிகள் அத்தனையும் உகந்தவைதான், முனைவழியின் நிரூபணம் அப்படியே நிற்கிறது. ஆனால் அது விளிம்பு இல்லை. அதை மட்டும் விடையாக எழுதினால் சதுரத்தின் மிச்சப் பகுதியைத் தவறவிட்டுவிடுவோம்.

கண்டுபிடிப்பது எளிது. துண்டின் நடுப்புள்ளியில் நின்று எந்தெந்தக் கட்டுப்பாடுகள் சமக்குறியோடு நிற்கின்றன என்று எண்ணுங்கள். மாறிகள் n என்றால், அவற்றில் ஒன்றையொன்று சாராதவை n − 1 இருந்தால் அது விளிம்பு. கோடுபோடுபவனின் கணக்கில் (1, 4.5)-இல் x + 2y = 10 மட்டும் சமமாக நிற்கிறது. n = 2, ஒன்று போதும், ஆக விளிம்பு. ஒரு கனசதுரத்தின் மேல்முகம் முழுதும் உகந்தது என்றால், மூலைவிட்டத்தின் நடுவில் சமமாக நிற்பது w = 1 ஒன்றே, வேண்டியது இரண்டு.

சாய்வுவிகிதம் | 5 பிப்ரவரி, இரவு 8.00

அப்படியானால் "இரண்டு உகந்த முனைகள் இருந்தால் உகந்த விளிம்பு ஒன்று இருந்தே தீரும்" என்பதே பொய்யா?

கனசதுரம் | 5 பிப்ரவரி, இரவு 8.25

அது உண்மைதான். (0,0)-இலிருந்து (1,1)-க்குச் சதுரத்தின் ஓரமாக இரண்டு விளிம்புகளில் போய்விடலாம், வழியில் z மாறாது. உகந்த புள்ளிகள் மொத்தமும் பகுதியின் ஒரு முகம், அந்த முகத்தின் விளிம்பு ஒவ்வொன்றும் பகுதிக்கும் விளிம்பே, முகத்தின் முனைகள் விளிம்பு வழியாக ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆகையால் சிம்ப்ளெக்ஸ் உகந்த முனைகளை மட்டுமே மிதித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். பொய்யாவது "கையில் உள்ள இரண்டு முனைகளும் அடுத்தடுத்தவை" என்ற ஊகம் மட்டும்.

அட்டவணை | 6 பிப்ரவரி, காலை 7.45

படம் வரைய முடியாத கணக்குகளில் இதை எப்படி அறிவது என்று யாரும் சொல்லவில்லை. சிம்ப்ளெக்ஸ் அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். பேசிஸில் இல்லாத ஒரு மாறியின் ரெட்யூஸ்டு காஸ்ட் பூஜ்யம் என்றால் மாற்றுத் தீர்வு உண்டு. அந்த மாறியை உள்ளே கொண்டுவந்து ஒருமுறை பிவட் செய்தால் இரண்டாவது முனை கிடைக்கும்.

இதே கணக்கில் ஸ்லாக்குகள் a, b என்று வைத்து y-ஐ உள்ளே கொண்டுவந்தால்:

y = 5 − x/2 − a/2
b = 1 − x/2 + a/2
z = 20 + 0·x − 2a

x-இன் கெழு பூஜ்யம். x-ஐக் கூட்டினால் z அசையாது. y 10 வரை இடம் கொடுக்கும், b 2 வரைதான் கொடுக்கும், எனவே x = 2-இல் b வெளியேறுகிறது. வந்து சேர்வது (2,4). x 0-இலிருந்து 2 வரை நகரும் அந்த வழிதான் விளிம்பு.

முனைவழி | 6 பிப்ரவரி, காலை 9.10

கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த விதியில் ஓட்டை இருக்கிறது. கனசதுரம் முதலிலேயே 6-ஐ 5 ஆக்கிக் காட்டினாரே, அதற்கே உங்கள் அட்டவணையைப் போடுங்கள். y-ஐ உள்ளே கொண்டுவரும்போது ரேஷியோ டெஸ்டில் இரண்டு வரிகளும் 5 என்று சமனாகின்றன. முதல் வரியை வெளியேற்றினால்:

y = 5 − x/2 − a/2
b = 0 − x/2 + a/2
z = 20 + 0·x − 2a

கடைசி வரி அப்படியே இருக்கிறது, x-க்குப் பூஜ்யம். ஆனால் b இப்போதே பூஜ்யத்தில் நிற்கிறது. x ஒரு துளி கூடினாலும் b குறையெண் ஆகிவிடும். பிவட் செய்தால் பேசிஸ் மாறும், புள்ளி (0,5)-ஐ விட்டு நகராது. பேசிஸ் இரண்டு என்பதால் தீர்வும் இரண்டு என்று எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இதுவே.

இரண்டாவது வரியை வெளியேற்றியிருந்தால் z = 20 − 2x − 4b என்று வந்திருக்கும். பூஜ்யமே இல்லை, தீர்வு ஒன்றுதான் என்பது வெளிப்படை. ஒரே முனை, ஒரே தீர்வு, ஆனால் எந்தப் பேசிஸில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அட்டவணை வேறு சேதி சொல்கிறது. ஆக விதி இப்படி: பூஜ்யம் எதுவும் இல்லையென்றால் தீர்வு ஒன்று என்பது உறுதி. பூஜ்யம் இருந்தால் ரேஷியோவையும் பார்க்க வேண்டும். ரேஷியோ பூஜ்யத்துக்கு மேல் என்றால் விளிம்பு உண்டு. பூஜ்யம் என்றால் இந்த அட்டவணையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அட்டவணை | 6 பிப்ரவரி, காலை 9.55

ஒப்புக்கொள்கிறேன். முனை டீஜெனரேட் இல்லாதபோது மட்டும் என்று சேர்த்திருக்க வேண்டும்.

முனைவழி | 6 பிப்ரவரி, மதியம் 2.20

காலையில் எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. 6-ஐ 5 ஆக்கியதும் அந்த எண்ணற்ற தீர்வுகள் எங்கே போயின என்று பார்த்தேன். டூவலுக்குள் போயிருக்கின்றன.

கட்டுப்பாடுகளின் ஷேடோ பிரைஸ்களை u, v என்போம். டூவலில் u + v ≥ 2, 2u + v ≥ 4. வலப்பக்கம் 10, 6 இருந்தபோது 10u + 6v சிறுமமாக வேண்டும்: (2,0) ஒன்றே விடை. வலப்பக்கம் 10, 5 ஆனதும் 10u + 5v. (2,0)-இலும் 20, (0,4)-இலும் 20. இரண்டு உகந்த முனைகள்! இந்த இழையின் தேற்றம் இங்கேயும் அப்படியே பாய்கிறது: (1,2) உட்பட அந்த விளிம்பு முழுவதும் சரியான ஷேடோ பிரைஸ்கள்.

நடைமுறையில் இது முக்கியம். நிரல் "முதல் கட்டுப்பாட்டின் விலை 2" என்று சொல்வதை நம்பி 10-ஐ 11 ஆக்கினால் z 20-ஐ விட்டு அசையாது, ஏனென்றால் x + y ≤ 5 பிடித்துக்கொண்டிருக்கிறது. 10-ஐ 9 ஆக்கினால் (1,4)-க்கு வந்து 18 ஆகிறது, இறங்கும்போது மட்டும் விலை 2. விளிம்பில் u எடுக்கும் மிகச் சிறிய மதிப்பு கூட்டும்போது பலிக்கும், மிகப் பெரியது குறைக்கும்போது பலிக்கும். v-க்கும் அப்படியே: 5-ஐ 6 ஆக்கினால் 0, 4 ஆக்கினால் z 16-க்கு இறங்கும், அதாவது 4.

கோடுபோடுபவன் | 7 பிப்ரவரி, காலை 10.30

இதை நிரலில் சோதிக்க முடியுமா? ரேஷியோ எல்லாம் நிரல் வெளியே காட்டுவதில்லை.

கனசதுரம் | 7 பிப்ரவரி, காலை 11.15

ரேஷியோ வேண்டாம். z-ஐ 20 என்று பூட்டிவிட்டு x-ஐ ஒருமுறை சிறுமமாகவும் ஒருமுறை உச்சமாகவும் கேளுங்கள்.

```python
from scipy.optimize import linprog
A, b = [[1, 2], [1, 1]], [10, 6]
r = linprog([-2, -4], A_ub=A, b_ub=b)
print(r.x, r.slack, r.ineqlin.marginals)
for s in (1, -1):
    q = linprog([s, 0], A_ub=A, b_ub=b,
                A_eq=[[2, 4]], b_eq=[-r.fun])
    print(q.x)
```

சுழற்சியில் வரும் இரண்டு விடைகள் (0,5), (2,4). b-இல் 6-ஐ 5 ஆக்கினால் இரண்டு முறையும் (0,5), ஆக ஒரே தீர்வு. `linprog` சிறுமம்தான் செய்யும், அதனால் கெழுக்களுக்குக் குறையெண், `r.fun` −20. எல்லா மாறிகளுக்கும் இப்படிச் செய்தால் 2n கணக்குகள். கையில் பேசிஸ் இருந்தால் ஒரே கணக்கு போதும்: z-ஐப் பூட்டி, ரெட்யூஸ்டு காஸ்ட் பூஜ்யமாக உள்ள, பேசிஸில் இல்லாத மாறிகளின் கூட்டுத்தொகையை உச்சமாக்குங்கள். அது 0 என்றால் தீர்வு ஒன்றே, இல்லையென்றால் இன்னொன்று கையில் வந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. உண்மையான தரவில் 4 என்பது 3.999 ஆக இருக்கலாம். அப்போது (0,5)-இல் 19.995, (2,4)-இல் 19.996, தீர்வு (2,4) மட்டுமே. 4.001 என்றால் 20.005-உம் 20.004-உம், தீர்வு (0,5) மட்டுமே. z ஏறக்குறைய அசையவில்லை, x மட்டும் 2-இலிருந்து 0-க்குத் தாவுகிறது. கெழுக்கள் மூன்றாவது தசமம் வரை நம்பகமானவை இல்லையென்றால் விளிம்பு முழுவதையும் உகந்தது என்று எடுத்துக்கொள்வதே நேர்மை.

பணிப்பங்கீடு | 7 பிப்ரவரி, மாலை 6.40

இண்டீரியர் பாயிண்ட் முறையில், கிராஸ்ஓவரை நிறுத்திவிட்டு இதே கணக்கை ஓட்டினால் x = 0.945, y = 4.528 என்று வருகிறது. முனையே இல்லை. நிரல் பிழையா?

முனைவழி | 7 பிப்ரவரி, இரவு 9.05

பிழை இல்லை, நாம் பேசிக்கொண்டிருந்த விளிம்பின் நடுப்பகுதிதான் அது. 2 × 0.945 + 4 × 4.528 ஏறக்குறைய 20. இண்டீரியர் பாயிண்ட் எல்லா ஓரங்களிலிருந்தும் விலகியே வருகிறது, அதனால் உகந்த முகத்தின் உள்ளே போய் நிற்கும். நடுப்பாதையைச் சரியாகப் பின்பற்றினால், விளிம்பில் x, y, b மூன்றின் பெருக்குத்தொகை உச்சமாகும் இடத்தில் முடியும்: (2t)(5 − t)(1 − t). வகையிட்டால் 3t² − 12t + 5 = 0, t = 0.4725. அதாவது (0.945, 4.5275). உங்கள் எண் அதுவே.

முனை அல்லாத விடை வந்தால் அதுவே ஓர் அறிகுறி. பகுதிக்கு முனைகள் உண்டு, விடையோ முனையில் இல்லை என்றால், உகந்த தீர்வு கட்டாயம் ஒன்றுக்கு மேல். கிராஸ்ஓவரை இயக்கினால் அது இரண்டு முனைகளில் ஒன்றுக்குத் தள்ளப்படும், அறிகுறியும் மறைந்துவிடும்.

சாய்வுவிகிதம் | 8 பிப்ரவரி, காலை 8.50

தலைகீழாகவும் கேட்டுப் பார்க்கிறேன். எண்ணற்ற தீர்வு என்றால் இரண்டு உகந்த முனைகள் கட்டாயம் உண்டா?

கனசதுரம் | 8 பிப்ரவரி, காலை 9.30

இல்லை. x − y ≤ 2, இரண்டும் குறையெண் அல்ல, x − y உச்சமாக வேண்டும். முனைகள் (0,0), (2,0). உகந்தது (2,0) மட்டும், மதிப்பு 2. ஆனால் (3,1), (10,8) என்று (2 + t, t) வடிவில் முடிவே இல்லாமல் போகும் கதிர் முழுவதும் உகந்தது. பகுதி எல்லைக்குட்பட்டது என்றால் நீங்கள் கேட்பது உண்மையாகும். அட்டவணையில் இது ரெட்யூஸ்டு காஸ்ட் பூஜ்யம், வெளியேற வரி எதுவும் இல்லை என்று தெரியும்.

அட்டவணை | 8 பிப்ரவரி, மாலை 3.15

எனக்கு இன்னும் தெளியாதது ஒன்று. இரண்டு மாறிக்கு (2t, 5 − t), 0 ≤ t ≤ 1 என்று விடையை முழுதாக எழுதிவிடலாம். நாற்பது மாறி உள்ள கணக்கில் உகந்த முகத்தின் முனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பணிப்பங்கீட்டைப் போல இரண்டு இரண்டாக மாறும் ஜோடிகள் பத்து இருந்தாலே 1024 முனைகள். அங்கே விடை என்று எதைக் கொடுப்பது? எல்லா முனைகளையும் பட்டியலிடுவதா, ஒவ்வொரு மாறிக்கும் சிறுமம், உச்சம் மட்டும் கொடுப்பதா?

கனசதுரம் | 8 பிப்ரவரி, மாலை 4.40

சிறுமமும் உச்சமும் மட்டும் கொடுத்தால், படிப்பவர் x = 1-ஐயும் y = 5-ஐயும் சேர்த்து எடுத்துவிடுவார். தனித்தனியாக இரண்டும் வரம்புக்குள்தான், சேர்ந்தால் x + 2y = 11. நான் முகத்தின் சமன்பாடுகளையே கொடுப்பேன்: எந்தக் கட்டுப்பாடுகள் சமமாக நிற்க வேண்டும், எவை தளர்வாக இருக்கலாம் என்று.

முனைவழி | 8 பிப்ரவரி, மாலை 5.30

நான் இரண்டாவது குறிக்கோள் ஒன்றைக் கேட்டு வாங்குவேன். z = 20 பூட்டிய பிறகு x குறைவாக வேண்டுமா, இரண்டும் சமமாக நெருங்கி வர வேண்டுமா என்று. முன்னதற்கு (0,5), பின்னதற்கு (2,4). கேட்டவருக்கு அப்படி ஒரு விருப்பமே இல்லையென்றால் கனசதுரம் சொன்ன வழி.

அட்டவணை | 8 பிப்ரவரி, இரவு 7.10

சமன்பாடுகளைக் கொடுத்தால் வாங்குபவர் அதிலிருந்து ஒரு புள்ளியை எடுக்க இன்னொரு எல்.பி. போட வேண்டியிருக்கும். 1024 முனைகளில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்து, முடிந்தவரை ஒன்றுக்கொன்று விலகியவையாகக் கொடுக்க நல்ல வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.